பெருங்காயத்தில் கோதுமை, லட்டுவில் நிலக்கடலை: எங்கள் பார்சல் ஸ்டிக்கரை மாற்றி எழுதிய கதை

கேரளாவில் 2023 ஜனவரி முதல் பார்சல் சாப்பாட்டின் மேல் ஒரு ஸ்லிப் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் நடத்தும் சின்னச் சமையலறையிலிருந்தும் அந்த ஸ்லிப்போடுதான் பார்சல் போகிறது. எப்படியும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், அதிலேயே ஒவ்வாமைத் தகவலையும் சேர்த்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை இது. அச்சடிப்பது பெரிய விஷயமில்லை. என்ன எழுதுவது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

அம்மாவும் அண்ணியும் சமையல். பேக்கிங்கும் கணக்கும் நான். மதியத்துக்குச் சாத வகைகள், சாயங்காலத்துக்கு முறுக்கு, லட்டு, தேங்காய் பர்பி, கடலை உருண்டை. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் அடிக்கடி வாங்குவார். ஒரு நாள் லட்டு டப்பாவைக் கையில் எடுத்துவிட்டு, "அக்கா, இதுல கப்பலண்டி உண்டா? மகனுக்கு அது ஆகாது" என்று அண்ணியிடம் கேட்டார்.

"லட்டுல நாங்க நிலக்கடலை போடறதில்லைங்க டீச்சர்" என்று ஆரம்பித்த அண்ணி அப்படியே நிறுத்திவிட்டார். "ஒரு நிமிஷம் இருங்க. பூந்தி பொரிச்சது செக்கு எண்ணெயில. அது கடலை எண்ணெய்தானுங்க. பையனுக்கு இது வேண்டாம்."

டீச்சர் டப்பாவை வைத்துவிட்டுப் போனார். அண்ணி நினைவாகச் சொன்னதால் சரியாகப் போயிற்று. அவர் இல்லாத நேரத்தில் கவுண்டரில் நிற்கும் ஆளுக்கு இந்தப் பதில் எப்படித் தெரியும்? சமைத்தவர் தலைக்குள் இருப்பது டப்பாவின் மேல் வர வேண்டும்.

முதலில் சட்டம் எதைக் கேட்கிறது என்று பார்த்தேன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிமுறைகளில் ஒவ்வாமைப் பொருள்கள் எட்டு வகைகள் உண்டு. கோதுமை, பார்லி, ஓட்ஸ் மாதிரி குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள். இவை பொருளில் சேர்ந்திருந்தால் 'இதில் உள்ளவை' என்று எழுத வேண்டும். நாம் சேர்க்காமல், சமையலறையில் தற்செயலாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தால் 'கலந்திருக்கலாம்' என்று தனியாக எழுத வேண்டும். முன்கூட்டியே டப்பாவில் அடைத்து விற்பனைக்கு வைக்கும் லட்டு, முறுக்குக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தும். ஆர்டர் சொன்னபிறகு கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒவ்வாமை உள்ள பையனுக்கு லட்டு வேறு, சாதம் வேறு இல்லையே. அதனால் இரண்டுக்கும் ஒரே முறையில் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது எங்கள் மதியப் பார்சல்: சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய், ஒரு லட்டு. பார்த்தால் இதில் பால், முந்திரி தவிர ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் செய்முறையைக் கேட்டு எழுதினால் போதாது. ஒவ்வொரு பொருளின் பாக்கெட்டையும் கையில் எடுத்து, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். அலமாரியில் இருந்த டப்பாக்களைக் கீழே இறக்கி, கொட்டி வைத்த பொருள்களுக்குப் பழைய பாக்கெட்டைத் தேடி, ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றினேன்.

முதல் ஆச்சரியம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் கடுமையான வாசனை உள்ளது, அப்படியே போட முடியாது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்து அதை இளக்குகிறார்கள். நாங்கள் வாங்கும் டப்பாவில் அந்த மாவு கோதுமை மாவு. பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, எவரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். அரிசிச் சோறு, பருப்பு, காய் என்று நினைத்துக்கொண்டிருந்த சாம்பார் சாதத்தில் இப்படிக் கோதுமை வந்துவிட்டது. தயிர் சாதத் தாளிப்பிலும் அதே பெருங்காயம். முறுக்கிலும், கடையில் வாங்கிய ஊறுகாயிலும் அதே கதை. வீட்டில் அரைக்கும் சாம்பார் பொடியிலும் அம்மா பெருங்காயம் வறுத்துப் போடுகிறார், ஆக சாம்பாருக்குள் அது இரண்டு வழியாக வருகிறது.

போடுவது ஒரு சிட்டிகைதானே என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் குளூட்டனே ஆகாத செலியாக் நோய் உள்ளவர்களும் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும் அளவை அவர்களே தீர்மானிக்க வேண்டியவர்கள். நம் வேலை இருப்பதைச் சொல்வது. அப்புறம், கோதுமைக்குப் பதில் அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட. சாத வகைகளுக்கு அதற்கு மாறினோம். மாறினாலும் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதவில்லை. அப்படி எழுத வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அதை ஆய்வகச் சோதனை இல்லாமல் சொல்ல முடியாது. சாயங்காலம் அதே மேடையில் கோதுமை மாவு பிசைகிற சமையலறை எங்களுடையது. 'இதில் உள்ளவை' வரியிலிருந்து கோதுமையை எடுத்தோம், 'கலந்திருக்கலாம்' வரியில் வைத்தோம்.

இரண்டாவது, எண்ணெய். இந்தப் பகுதி, சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், நிலக்கடலை விளைகிற மண். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான் எங்கள் வீட்டுப் பழக்கம். வாடிக்கையாளர்களும் அந்த வாசனைக்காகத்தான் வருகிறார்கள். விதிமுறையில் எண்ணெய்க்கு விலக்கு இருக்கிறது. நிலக்கடலை எண்ணெயை ஒவ்வாமைப் பொருளாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இந்த விலக்குக்கு அர்த்தம் இருப்பது நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்க்குத்தான். ஒவ்வாமையைக் கிளப்புவது கொழுப்பு இல்லை, கடலையின் புரதம். ரீஃபைண்ட் செய்யும்போது அந்தப் புரதம் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. செக்கு எண்ணெயை வடிகட்டித் தெளிய வைப்பதோடு சரி. டின்னின் அடியில் மங்கலாகத் தங்கும் வண்டலைப் பார்த்தாலே தெரியும், கடலைத் துகள் இன்னும் அதில் இருக்கிறது. சூடாக்கினால் புரதம் போய்விடும் என்பதும் தப்பு. பொரித்த பிறகும் ஒவ்வாமை தரும் குணம் அதற்கு இருக்கும்.

அதனால் சட்டம் கேட்காவிட்டாலும், செக்குக் கடலை எண்ணெய் பட்ட எல்லாவற்றிலும் 'நிலக்கடலை' என்றே எழுதுகிறோம். லட்டு, முறுக்கு, உருளைக்கிழங்கு வறுவல் மூன்றும் இதில் வரும். டீச்சர் வீட்டுப் பையனைப் போன்ற ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம். இங்கே நான் விலக்கைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன்.

நல்லெண்ணெய் வேறு மாதிரிச் சிக்கல். எள் நம் நாட்டுப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவில் உண்டு, அமெரிக்காவில் 2023 முதல் உண்டு. எள் ஒவ்வாமை கடுமையாக வரக்கூடியது. ஊறுகாயில் நல்லெண்ணெய் ஊறிக் கிடக்கிறது, புளிசாதப் பொடியில் வறுத்த எள் இருக்கிறது. அதனால் எங்கள் ஸ்டிக்கரில் எள்ளையும் சேர்த்துவிட்டோம். கடுகும் ஐரோப்பியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எங்கள் தாளிப்பில் அது இல்லாத உணவே இல்லை, சேர்மானப் பட்டியலில் பெயர் சொல்லி எழுதுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

லட்டுதான் அதிக நேரம் எடுத்தது. கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய். நெய் என்றால் பால், அதில் சந்தேகமில்லை. முந்திரி கொட்டை வகை. திராட்சை பாக்கெட்டில் பதப்படுத்தும் பொருள் ஐ.என்.எஸ். 220 என்று இருந்தது. 220 முதல் 228 வரை உள்ள எண்கள் கந்தக டையாக்சைடு, சல்பைட் வகைகள். பொன்னிறமாகப் பளபளக்கும் உலர்திராட்சைக்கு அந்த நிறம் பெரும்பாலும் இதனால்தான் நிற்கிறது. கறுப்புத் திராட்சையில் பொதுவாக இது இருக்காது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்பைட் மூச்சிரைப்பை உண்டாக்கும். ஒரு லட்டுவில் ஒன்றிரண்டு திராட்சைதான், மொத்தத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டுமா என்று அளக்க எங்களிடம் வழியில்லை. கறுப்புத் திராட்சைக்கு மாறினோம், அதன் பாக்கெட்டில் அந்த எண்கள் இல்லை என்று பார்த்து வாங்கினோம். லட்டுவின் முகம் கொஞ்சம் மாறிப்போனது அண்ணிக்கு வருத்தம்தான்.

கடலை மாவு எங்கே அரைத்தது என்பது அடுத்தது. பருப்பு வாங்கி ஊர் மில்லில் கொடுத்து அரைப்பது வழக்கம். அதே கல்லில் எங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். மில்காரர் முதல் கைப்பிடி மாவைத் தள்ளிவிட்டுத்தான் நம்முடையதை எடுப்பார், ஆனாலும் கல்லிடுக்கிலும் துணிக்குழாயிலும் இருக்கும் மாவு அதோடு போய்விடாது. அவரிடம் பேசினேன். "கோதுமை நிக்காம வந்துட்டே இருக்குமுங்க, கல்லக் கழுவ முடியாது" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சரி, லட்டுவுக்கும் 'கோதுமை கலந்திருக்கலாம்' என்று போட்டோம்.

இவ்வளவும் முடிந்து மதியப் பார்சலுக்கு வந்த வரிகள் இவை:

இதில் உள்ளவை: பால், நிலக்கடலை (செக்கு எண்ணெய்), முந்திரி, எள், கோதுமை (ஊறுகாயில்).
கலந்திருக்கலாம்: சாத வகைகளிலும் லட்டுவிலும் கோதுமை.

முதலில் பால், முந்திரி என்று இரண்டே சொன்ன பார்சல் இது. ஊறுகாயை மட்டும் தனிப் பொட்டலமாக, அதற்கென ஒரு சின்ன ஸ்டிக்கரோடு வைக்கலாமா என்றும் யோசித்தோம். பார்சலுக்குள் எல்லாம் ஒன்றாகத்தான் பிரித்துச் சாப்பிடுவார்கள் என்பதால் ஒரே வரியில், எதில் இருக்கிறது என்ற குறிப்போடு எழுதுவதே நல்லது என்று பட்டது.

அடுத்தது 'கலந்திருக்கலாம்' என்ற வரி. இதை எல்லா டப்பாவிலும் எட்டு வகைகளோடும் அச்சடித்துவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் வாங்குபவருக்கு அது ஒன்றும் சொல்லாது. எதைப் பார்த்தாலும் அதே வரி என்றால் ஒவ்வாமை உள்ள குடும்பம் ஒன்று கடையை விட்டே போய்விடும், இல்லை அந்த வரியைப் படிக்காமலே வாங்கப் பழகிவிடும். இரண்டாவதுதான் பயம். அதனால் கலப்பைக் குறைக்க முடிந்த இடத்தில் குறைத்துவிட்டு, முடியாத இடத்தில் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

கடலை உருண்டை செய்யும் நாளைக் கவனித்தால் கடலை எங்கெல்லாம் போகிறது என்று புரியும். வறுத்த கடலையைத் தேய்த்து முறத்தில் புடைக்கும்போது சிவப்புத் தோல் பறந்து மேடை, ஜன்னல் கம்பி, திறந்து வைத்த தேங்காய்த் துருவல் என்று எல்லா இடத்திலும் உட்காருகிறது. கண்ணுக்குத் தெரியும் தோலைத் துடைத்துவிடலாம், கூடவே பறக்கும் தூள் தெரியாது. புடைக்கிற வேலையை இப்போது பின்வாசலுக்கு மாற்றிவிட்டோம். தேங்காய் பர்பி, நெய்யில் செய்யும் மைசூர்பாகு எல்லாம் காலையில் முதலில். கடலை உருண்டை அன்றைய கடைசி வேலை. அதற்குப் பிறகு மேடை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவப்படுகிறது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதாது, அது தூளைப் பரப்பத்தான் செய்யும். கைக்கும் சோப்புதான், சானிடைசர் கிருமிக்கு ஆகும், கடலைப் புரதத்தை அது எடுக்காது.

பாத்திரங்களில் மோசமானது மிக்ஸி ஜார். கழுவிக் கவிழ்த்த ஜார் பளபளவென்று இருந்தது. பிளேடைத் திருகிக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் வாஷரைச் சுற்றி, பழுப்பு நிறத்தில் இறுகிய கடலை விழுது. மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் அதே. ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுவது நடக்காத காரியம். கடலைக்கென்று ஒரு ஜாரை ஒதுக்கிக் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிட்டோம். மரக்கரண்டி, முறம், உருண்டை பிடிக்கும் பலகை, வடிதுணி ஆகியவற்றிலும் நுண்துளைகளில் எண்ணெய் ஊறிவிடும், கழுவி மீட்க முடியாது. அவற்றுக்கும் சிவப்பு டேப். எவர்சில்வர் பாத்திரங்கள் பொது.

தேங்காய் பர்பியில் நெய் மட்டும்தான், எண்ணெய் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகும் அதில் 'நிலக்கடலை கலந்திருக்கலாம்' என்ற வரியை நாங்கள் எடுக்கவில்லை. ஒரே கூரைக்குள் கடலை இருக்கிறது. பொருளில் கடலை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டைகள் உண்டு என்றாலும் தினம் ஒவ்வொரு தட்டுக்கும் செய்யக் கட்டுப்படியாகாது. டீச்சரிடமும் அதையே சொன்னோம்: பர்பியில் கடலை சேர்க்கவில்லை, தனியாகத்தான் செய்கிறோம், ஆனால் இங்கே கடலை உருண்டை செய்கிறோம். மகனுக்கு வாங்கவில்லை. தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இனி ஸ்டிக்கர். எங்களிடம் இருப்பது பில் போடும் வகையான சின்ன தெர்மல் லேபிள் பிரிண்டர். அதில் தமிழ், மலையாள எழுத்துகள் உள்ளே கிடையாது. கணினியில் வரிகளை அடுக்கிப் படமாக மாற்றி அனுப்பினால்தான் ஒழுங்காக வருகிறது. விதிமுறைப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், கூடுதலாக வேறு மொழியில் எழுதலாம். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். மூன்று மொழியிலும் எல்லாவற்றையும் அடைத்தால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. எனவே சேர்மானப் பட்டியல், முகவரி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும். ஒவ்வாமை வரிகள் இரண்டு மட்டும் மூன்று மொழியிலும், தடித்த எழுத்தில்.

அச்சு நன்றாக வந்தது, சூடான சாம்பார் சாத டப்பாவின் மூடியில் ஒட்டினோம். கொஞ்ச நேரத்தில் ஸ்டிக்கர் முழுக்கச் சாம்பல் பூத்து, எழுத்து தெரியாமல் போயிற்று. இந்தக் காகிதம் சூட்டினால் கறுப்பதால்தான் அதில் அச்சே விழுகிறது. டப்பாவின் சூடும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. லட்டு டப்பாவில் நேர்மாறு, நெய்க்கை பட்ட இடத்தில் எழுத்து மங்கி அழிந்தது. சாப்பாட்டுக்கு இப்போது ஸ்டிக்கரை டப்பாவில் ஒட்டாமல் வெளிப்பையில் ஒட்டுகிறோம். இனிப்புக்கு மேல்பூச்சு உள்ள தெர்மல் லேபிள் வாங்கினோம், எண்ணெய்க்கு அது தாங்குகிறது. ரிப்பன் போட்டு அச்சடிக்கும் பிரிண்டர் இருந்தால் இரண்டு தொல்லையும் இருக்காது.

ஸ்டிக்கர் இன்றைக்குச் சரி என்பதால் அடுத்த மாதமும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. மளிகைக்கடையில் நம் பெருங்காயம் ஸ்டாக் இல்லையென்றால் வேறு கம்பெனி டப்பாவைப் பையில் போட்டுவிடுவார்கள். அது கோதுமை மாவு சேர்த்ததாக இருக்கலாம். அதனால் சாமான் வந்ததும் பையைப் பிரிப்பவர் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பெயர் மாறியிருந்தால் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அலமாரிக்குப் போகும். டப்பாவில் கொட்டி வைக்கும் பொருளுக்குப் பாக்கெட்டின் சேர்மானப் பகுதியை வெட்டி டப்பாவிலேயே ஒட்டிவிடுகிறோம். ஊறுகாய்க்கும் திராட்சைக்கும் இது ரொம்ப முக்கியம், கம்பெனி அதே இருந்தாலும் சேர்மானம் மாறலாம்.

இப்போது கையில் இருக்கும் கேள்வி தீபாவளிக்கு ஆர்டர் வரும் கலப்பு இனிப்பு டப்பா. லட்டு, மைசூர்பாகு, பர்பி, கடலை உருண்டை நான்கும் ஒரே டப்பாவில். நடுவில் அட்டை வைத்துப் பிரித்தாலும் குலுங்கும்போது கடலைத் தூள் மற்ற அறைகளுக்குப் போகிறது. வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் ஒரு டப்பாவைக் குலுக்கித் திறந்து பார்த்தேன், மைசூர்பாகு இருந்த அறையிலும் கடலைத் துண்டு இருந்தது. எனவே அந்த டப்பாவில் நிலக்கடலையை 'கலந்திருக்கலாம்' என்று எழுத முடியாது, 'இதில் உள்ளவை' என்றுதான் எழுத வேண்டும், டப்பா முழுமைக்கும். கடலை உருண்டையை எடுத்துவிட்டு அதைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கூடவே கொடுக்கலாம் என்பது அண்ணியின் யோசனை. அப்படியே செய்யப்போகிறோம்.